15எச் கொடுத்தும் வங்கி வரி பிடித்துவிட்டது: அந்தப் பணம் திரும்ப வருமா?

மதிப்பிற்குரிய ஆடிட்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 63. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியமாக மாதம் 16,000 ரூபாய் வருகிறது. வங்கியில் 18 லட்சம் ரூபாய் டெபாசிட் வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வாங்குகிறேன். எனக்கு வரி வராது, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 2023-இல் 15எச் படிவம் கொடுத்தேன். அது போதும் என்று இருந்துவிட்டேன். 2024 ஜூன், செப்டம்பர் மாதங்களில் வட்டியிலிருந்து தலா 3,375 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அக்டோபர் 10 அன்று புதிய படிவம் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்கினேன். டிசம்பரில் பிடிக்கவில்லை. ஆனால் அதே மாதம் புதிதாகப் போட்ட 8 லட்சம் ரூபாய் டெபாசிட்டின் வட்டியில், படிவம் கொடுத்திருந்தும், மார்ச் 31 அன்று 1,890 ரூபாய் பிடித்தார்கள். மே மாதம் போய்க் கேட்டபோது, “பார்த்துச் சொல்கிறோம்” என்றார்கள். ஆறு மாதம் ஓடிவிட்டது. பழைய தேதியிட்டு ஒரு படிவம் தந்தால் சரிசெய்யலாம் என்று கிளையில் ஒருவர் சொல்கிறார். கணக்குத் தாக்கல் செய்யக் கெடு முடிந்துவிட்டது, ஆனாலும் நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு என்கிறான் மகன். எனக்கு வரியே இல்லாதபோது நான் ஏன் தாக்கல் செய்ய வேண்டும்? வங்கிமீது புகார் கொடுக்கலாமா? இந்த ஆண்டு ஏப்ரலிலேயே படிவம் கொடுத்துவிட்டேன்.

– ஒரு வாசகி, நவம்பர் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் பணம் எங்கும் போய்விடவில்லை. மூன்று முறையும் பிடித்த மொத்தத் தொகையான 8,640 ரூபாய் இப்போது உங்கள் பான் எண்ணின் பெயரில் வருமான வரித் துறையிடம் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறுவதற்கான எளிய வழி 2025 டிசம்பர் 31 வரை திறந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு வழி உண்டு என்றாலும் அது நீண்டது, அதிகாரியின் அனுமதியைச் சார்ந்தது. ஆகையால் வங்கியின் பதிலுக்காக இனி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம் என்பதையே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

வங்கி ஏன் திருப்பித் தரவில்லை

15எச் படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். 2023-இல் நீங்கள் கொடுத்தது 2024 மார்ச் 31-உடன் காலாவதியாகிவிட்டது. ஏப்ரல் 1 முதல் வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் படிவம் கொடுக்காத வாடிக்கையாளர்தான். அந்த ஆண்டில் மூத்த குடிமக்களுக்கு, ஒரே வங்கியில் வரும் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் 18 லட்சத்துக்குக் காலாண்டு வட்டி 33,750 ரூபாய், ஆண்டுக்கு 1,35,000 ரூபாய். வரம்பைத் தாண்டுவது உறுதி என்பதால் முதல் காலாண்டிலிருந்தே பிடித்திருக்கிறார்கள். வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே பிடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரம்பைத் தாண்டினால் முழு வட்டியின் மீதும் பிடிப்பார்கள். ஆகவே ஜூன், செப்டம்பர் பிடித்தங்களில் வங்கியின் தவறு எதுவும் இல்லை.

செப்டம்பர் பிடித்தத்தில் உங்களுக்கும் பணத்துக்கும் இடையே நின்றது மூன்றே நாள்கள். ஒரு மாதத்தில் பிடித்த வரியை வங்கி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்திவிட வேண்டும். செப்டம்பர் 30-இல் பிடித்த பணத்துக்கு அக்டோபர் 7 கடைசி நாள். நீங்கள் படிவம் கொடுத்தது அக்டோபர் 10. அரசுக் கணக்குக்குப் போன பணத்தை வங்கி தானாக எடுத்து உங்களிடம் தர முடியாது. உங்கள் பெயரில் செலுத்தப்பட்ட வரியை நீங்கள்தான் கணக்குத் தாக்கல் செய்து கேட்டுப் பெற வேண்டும். கிளை மேலாளர் மனம் வைத்தாலும் இதில் மாற்றம் இல்லை. இதை அவர் மே மாதமே தெளிவாகச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இத்தனை மாத அலைச்சல் இருந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மார்ச் 31 பிடித்தம் சற்று வேறு வகை. அக்டோபரில் நீங்கள் படிவம் கொடுத்தபோது டிசம்பர் டெபாசிட் பிறந்திருக்கவே இல்லை. 15எச் படிவத்தில் எந்த முதலீட்டின் வட்டிக்காக இந்த உறுதிமொழி என்பதைக் கணக்கு எண்ணுடன் எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பழைய டெபாசிட்டின் எண் மட்டும் இருந்தால் புதிய டெபாசிட்டுக்கு அந்தப் படிவம் பொருந்தாது என்று வங்கி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. புதிய டெபாசிட் போட்ட அன்றே இன்னொரு படிவம் கொடுத்திருக்க வேண்டும். மார்ச்சில் பிடித்த வரியைச் செலுத்த வங்கிகளுக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் நீங்கள் கேட்டிருந்தால், பணம் அரசுக்குப் போகாமல் இருந்தால், வங்கி அதை மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு இருந்தது. மே மாதம் அந்த வாய்ப்பும் இல்லை.

பழைய தேதியிட்ட படிவம் வேண்டவே வேண்டாம்

கிளையில் ஒருவர் சொன்ன யோசனையை உடனே மறந்துவிடுங்கள். 15எச் என்பது உங்கள் கையெழுத்துடன் கூடிய உறுதிமொழி. அதில் பொய்த் தகவல் தருவது வருமான வரிச் சட்டத்தின் 277-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்த ஆபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அதனால் ஒரு பயனும் இல்லை. வங்கி ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, பிடித்த வரியின் விவரம் தரும் அந்தக் காலாண்டின் டிடிஎஸ் அறிக்கையில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஜூன் காலாண்டின் அறிக்கைக்கு 2024 ஜூலை 31-உம் செப்டம்பர் காலாண்டுக்கு அக்டோபர் 31-உம் கடைசி நாள்கள். கடந்துபோன அறிக்கைகளுக்குள் ஒரு தாளைச் செருகிப் பணத்தை வெளியே எடுக்க முடியாது. நேர்வழியிலேயே கிடைக்கக்கூடிய பணத்துக்காக நீங்களும் அந்த ஊழியரும் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

“வரி இல்லை” என்பதும் “தாக்கல் வேண்டாம்” என்பதும் ஒன்றல்ல

உங்கள் கடிதத்தில் நான் அன்போடு திருத்த விரும்பும் முக்கியமான எண்ணம் இதுதான். 2024-25 நிதியாண்டின் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். குடும்ப ஓய்வூதியம் 1,92,000 ரூபாய். பழைய டெபாசிட்டின் வட்டி 1,35,000 ரூபாய். புதிய டெபாசிட்டில் 1,890 ரூபாய் பிடித்திருப்பதால் அதன் வட்டி 18,900 ரூபாய். சேமிப்புக் கணக்கின் வட்டியை நீங்கள் குறிப்பிடவில்லை. கணக்குக்காக 4,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,50,000 ரூபாய் ஆகிறது.

குடும்ப ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்படுவதில்லை. அதனால் ஓய்வூதியர்களுக்கு உள்ள 75,000 ரூபாய் நிலையான கழிவு உங்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக, புதிய வரி முறையில் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கு, 25,000 ரூபாய் ஆகிய இரண்டில் குறைந்ததைக் கழிக்கலாம். உங்களுக்கு அது 25,000. மீதி வருமானம் 3,25,000 ரூபாய். அந்த ஆண்டில் புதிய முறையின் அடிப்படை விலக்கு 3 லட்சம். மேலே உள்ள 25,000-க்கு 5 சதவீதம் என்றால் வரி 1,250 ரூபாய். வருமானம் 7 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அந்த 1,250 ரூபாயையும் முழுவதுமாக நீக்கிவிடுகிறது. ஆக, வரி பூஜ்யம் என்று நீங்கள் சொன்னது சரி. தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்யமானாலும் 15எச் கொடுக்கலாம் என்பதால் உங்கள் உறுதிமொழியும் சரியானதே.

ஆனால் தாக்கல் செய்யும் கடமை தள்ளுபடியைப் பார்ப்பதில்லை, அடிப்படை விலக்கைத்தான் பார்க்கிறது. உங்கள் வருமானம் 3 லட்சத்தைத் தாண்டியதால், ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படாமல் இருந்திருந்தாலும், அந்த ஆண்டுக்கு நீங்கள் தாக்கல் செய்திருக்க வேண்டும். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மூத்தவர்களில் நிறையப் பேர் இதை அறியாமலே இருக்கிறார்கள். டிசம்பருக்குள் தாக்கல் செய்தால் இந்தக் குறையும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

தாமதமானதால் என்ன இழப்பு

2024-25-க்கான கெடு ஜூலை 31-இலிருந்து நீட்டிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 16-இல் முடிந்தது. அதற்குப் பிறகு செய்வது 139(4) பிரிவின் கீழ் தாமதத் தாக்கல். இதிலும் ரீஃபண்ட் முழு உரிமையுடன் கேட்கலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். ஆக உங்கள் கைக்கு வரவேண்டியது 8,640-இல் 1,000 போக, 7,640 ரூபாய். கெடுவுக்குள் செய்திருந்தால் ரீஃபண்ட் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் கிடைத்திருக்கும். இப்போது தாக்கல் செய்த நாளிலிருந்துதான் அந்த வட்டி கணக்கிடப்படும், எனவே அது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். தாமதத் தாக்கலில் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களுக்குப் புதிய முறையிலேயே வரி பூஜ்யம் என்பதால் அதனால் இழப்பில்லை.

மகன் சொல்லும் நான்கு ஆண்டு அவகாசம் உண்மையில் இருக்கிறது, ஆனால் அது வேறொன்றுக்கானது. ‘புதுப்பித்த கணக்கு’ எனப்படும் அந்த வசதி, விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்காக ஏற்பட்டது. ரீஃபண்ட் கேட்கவோ ரீஃபண்டை உயர்த்தவோ அதைப் பயன்படுத்த முடியாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் டிசம்பரைத் தவறவிட்டுவிட்டு ஜனவரியில் வருபவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தயவுசெய்து நீங்கள் அந்த வரிசையில் சேராதீர்கள்.

தாக்கல் செய்யும் முறை

முதலில் வருமான வரித் தளமான incometax.gov.in-இல் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, `e-File` பகுதியில் உள்ள `View Form 26AS` மூலம் உங்கள் பான் எண்ணில் செலுத்தப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். அதில் வங்கியின் பெயருக்கு எதிரே 3,375, 3,375, 1,890 ஆகிய மூன்று தொகைகளும் இருக்க வேண்டும். இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும். ஏதேனும் ஒரு தொகை விட்டுப்போயிருந்தால் வங்கி வேறு பான் எண்ணில் செலுத்தியிருக்கலாம். கூட்டுக் கணக்கில் முதல் பெயர் யாருடையதோ அவரது பான் எண்ணில்தான் பிடித்தம் போகும். ஆகவே புதிய டெபாசிட்டில் கணவரின் பழைய கணக்கு விவரங்கள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டு டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்ல வேண்டும். கூடவே வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது வங்கியின் கடமை.

அடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2025-26-ஐயும் ஐடிஆர்-1 படிவத்தையும் தேர்ந்தெடுத்து, தாக்கல் செய்யும் பிரிவாக 139(4)-ஐக் குறிப்பிடுங்கள். ஆண்டுக் குழப்பம் இங்கே அதிகம் நடக்கிறது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஈட்டிய வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. ஓய்வூதியம், டெபாசிட் வட்டி, சேமிப்பு வட்டி மூன்றும் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பின் கீழ் வரும்.

வட்டியை எழுதும்போது கவனம் தேவை. பாஸ் புத்தகத்தில் ஜூன் மாதம் 30,375 ரூபாய்தான் வரவாகியிருக்கும், ஏனென்றால் வரி போக மீதிதான் அங்கே தெரியும். நீங்கள் எழுத வேண்டியது பிடிப்பதற்கு முந்தைய 33,750. பாஸ் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டினால் வருமானம் 8,640 ரூபாய் குறைவாக வந்து 26ஏஎஸ் அறிக்கையுடன் முரண்படும், கேள்விகள் எழும், ரீஃபண்ட் தாமதமாகும். வரி பிடிக்காத டிசம்பர் காலாண்டின் வட்டியையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்திலேயே முன்கூட்டிச் சரிபார்த்து வையுங்கள். கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் இந்தச் சரிபார்ப்பு தோல்வியடையும். எழுத்து முன்பின் மாறிய பெயர்களால் நின்றுபோன ரீஃபண்டுகள் ஏராளம். பான் எண் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசிப் படி, ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்வது. அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும் அன்றே செய்யுங்கள். 30 நாளைக் கடந்து உறுதிசெய்தால், உறுதிசெய்த தேதியே தாக்கல் செய்த தேதியாகக் கொள்ளப்படும். டிசம்பர் இறுதியில் தாக்கல் செய்துவிட்டுப் பிப்ரவரியில் உறுதிசெய்பவரின் கணக்கு காலம் கடந்ததாகிவிடும். தளத்தில் கடைசி வாரம் நெரிசலாக இருக்கும். டிசம்பர் 10-க்குள் முடித்துவிடுங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஏதோ காரணத்தால் டிசம்பர் 31 தப்பிவிட்டால், 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இதைச் செய்ய வேண்டும். உங்களுக்கு 2031 மார்ச் 31 வரை என்று கொள்ளலாம். ஆனால் ஏன் தாமதம், தாக்கலை ஏற்காவிட்டால் என்ன உண்மையான துன்பம் என்பவற்றை ஆணையருக்கு ஆதாரத்துடன் விளக்கி, அவர் அனுமதித்த பிறகே தாக்கல் செய்ய முடியும். 7,640 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக நேரக் கூடாது.

வங்கிமீது புகார்

உங்கள் நிலையில் புகார் பணத்தைக் கொண்டுவராது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பிடித்தங்களும் சட்டப்படியானவை, மூன்றாவது விவாதத்துக்கு உரியது. ஆனால் 16ஏ சான்றிதழைத் தர மறுத்தாலோ, தவறான பான் எண்ணைத் திருத்தாமல் இழுத்தடித்தாலோ நிலைமை வேறு. அப்போது முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். புகாருக்காகத் தாக்கலைக் காத்திருக்க விடாதீர்கள். புகார் நிலுவையில் இருப்பது டிசம்பர் 31-ஐ நீட்டிக்காது.

இந்த ஆண்டுக்கான படிவம்

2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கான வரம்பு ஒரு லட்சமாக உயர்ந்திருக்கிறது. இரண்டு டெபாசிட்டுகளுக்கும் சேர்ந்து உங்கள் வட்டி 1,95,000 ரூபாய் அளவில் வரும் என்பதால் படிவம் இல்லாமல் முடியாது. ஏப்ரலில் கொடுத்த படிவத்தில் இரண்டு டெபாசிட் எண்களும் இருக்கின்றனவா, அதற்கு அடையாள எண் தந்தார்களா என்று இந்த வாரமே கிளையில் கேளுங்கள். முத்திரையிட்ட நகல் நீங்கள் கொடுத்ததற்குச் சான்று. அடையாள எண்தான் அவர்கள் பதிவேற்றியதற்குச் சான்று. செப்டம்பர் மாத வட்டி முழுதாக வந்திருக்கிறதா என்று பாஸ் புத்தகத்திலும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டு அடிப்படை விலக்கு புதிய முறையில் 4 லட்சம். உங்கள் வருமானம் கழிவுக்குப் பின் சுமார் 3,66,000 ரூபாய்தான் இருக்கும். ஆகவே பிடித்தம் எதுவும் நடக்காவிட்டால் இந்த ஆண்டுக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் பொதுவாக உங்களுக்கு இராது. ஒரு டெபாசிட் இடையில் முதிர்ந்து புதுப்பிக்கப்பட்டால் அதற்குப் புதிய எண் விழக்கூடும். அன்றே அந்த எண்ணுக்கும் படிவம் கொடுத்துவிட்டு வீடு திரும்புங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. ஆதலால் அடுத்த ஆண்டுக்கு வீட்டில் இருக்கும் பழைய 15எச் தாளை நிரப்பாமல், ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கி தரும் படிவத்தையே வாங்கிக் கொடுங்கள்.